பாதியில் நிற்கும் சார்ஜ்: சூடு எங்கே ஏறுகிறது?

மின்சாரக் காரில் சார்ஜ் பாதியில் நின்றுபோனால் பெரும்பாலானோர் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். உண்மையில் சுவரில் உள்ள பிளக் பாயிண்டிலிருந்து பேட்டரி செல் வரை மின்சாரம் கடக்கும் வழியில் நாலைந்து இடங்களில் வெப்ப உணரிகள் காவல் இருக்கின்றன. பிளக்கின் தலைக்குள் ஒன்று, காரில் கன் செருகும் துளையில் ஒன்று, காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜரில் சில, பேட்டரிப் பெட்டிக்குள் பல. இவற்றில் எந்த ஒன்று தன் எல்லையைத் தாண்டினாலும் சார்ஜ் நிற்கும், அல்லது வேகம் குறையும். திரையில் வருவதோ எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம்: சார்ஜிங் தடைப்பட்டது. எந்தக் காவல்காரன் நிறுத்தினான் என்பதைக் கார் பொதுவாகச் சொல்வதில்லை. ஆனால் எத்தனை நிமிடத்தில் நின்றது, எந்த இடத்தில் நின்றது, எவ்வளவு ஆம்பில் நின்றது என்ற மூன்றையும் கவனித்தால் அதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் நேரம். செருகிய சில நொடிகளிலேயே சார்ஜ் மறுக்கப்பட்டால் அது சூட்டின் வேலை அல்ல. எர்த் சரியில்லை, மின்கசிவு இருக்கிறது, அல்லது கன் முழுதாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளவில்லை என்று பொருள். காரோடு வரும் கையடக்கச் சார்ஜரின் நடுவில் உள்ள பெட்டி, மின்சாரத்தைத் திறந்துவிடும் முன்பே எர்த்தைச் சோதிக்கிறது. பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்கு மட்டும் இருப்பதால், முதல் நாளே சிவப்பு விளக்கு எரிந்து பலர் திகைப்பது இதனால்தான். சூட்டுக்கு நேரம் பிடிக்கும். உலோகமும் பிளாஸ்டிக்கும் மெல்லச் சூடேறி, உள்ளே வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சமமாகும் நிலைக்கு வர இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே நாற்பது நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு நிற்கும் சார்ஜில் முதல் சந்தேகம் சூட்டின் மீதுதான் விழ வேண்டும். மறுபடி செருகினால் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே நின்றுவிடுகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுப்படுகிறது. முன்பு ஏறிய சூடு இன்னும் தணியவில்லை, அவ்வளவுதான்.

சார்ஜ் நிற்பது கேபிளில் ஓடும் ஒரு பேச்சுவார்த்தை முறிவதால். கனுக்குள் மின்சாரம் ஏந்தும் பெரிய ஊசிகளோடு இரண்டு சிறிய ஊசிகளும் இருக்கும். அவற்றில் ஒன்றின் வழியே நொடிக்கு ஆயிரம் துடிப்புள்ள ஒரு சின்னச் சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு அகலம் என்பதை வைத்து, இங்கே அதிகபட்சம் இத்தனை ஆம்ப் இழுக்கலாம் என்று சார்ஜர் காருக்குச் சொல்கிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு அகலம் என்றால் 6 ஆம்ப், இருபத்தைந்து பங்கு என்றால் 15 ஆம்ப். கார் அந்த அளவுக்குள் இழுக்க வேண்டும். பிளக் சூடாகிவிட்டதாக உணரி சொன்னால், நல்ல சார்ஜர் முதலில் துடிப்பின் அகலத்தைக் குறைத்துப் பார்க்கும். எளிய சார்ஜர் நேராக ரிலேயைத் திறந்துவிடும். பெட்டிக்குள் ‘டக்’ என்று கேட்கும் சத்தம் அதுதான்.

சூடு எங்கே பிறக்கிறது என்பதற்கு ஒரே ஒரு விதியைப் புரிந்துகொண்டால் போதும். மின்சாரம் ஓடும் எந்த இடத்திலும் பிறக்கும் வெப்பம், அந்த இடத்தின் மின்தடையை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவு. மின்னோட்டம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகும். கீசர் பல வருடமாக ஓடுகிற பிளக்தானே, கார் மட்டும் ஏன் ஓடாது என்று கேட்பவர்களுக்கு விடை இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு கிலோவாட் கீசர் இழுப்பது 9 ஆம்புக்குச் சற்றுக் குறைவு. அதுவும் கால் மணி நேரத்தில் தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும். அதே பாயிண்டில் கார் இழுப்பது 15 ஆம்ப். தொடர்பு முனையில் பிறக்கும் வெப்பம் கீசரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, அதுவும் இடைவெளியின்றி ஆறேழு மணி நேரம். பதினைந்து ஆம்ப் பாயிண்ட் என்று எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் பத்து வருடம் பிளக்கைச் செருகிப் பிடுங்கித் தளர்ந்த பாயிண்டுக்கு அந்த எழுத்து பொருந்தாது.

ஒரு வீட்டுக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பதினைந்து ஆம்ப் பாயிண்ட் இருக்கிறது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஸ்விட்ச் போர்டிலிருந்து இருபது மீட்டர் தூரத்துக்கு, எலெக்ட்ரீஷியன்கள் ‘ஒன்றரை ஸ்கொயர்’ என்று சொல்லும் செம்புக் கம்பி ஓடுகிறது. சார்ஜ் தொடங்கும் முன் மல்டிமீட்டர் 231 வோல்ட் காட்டுகிறது. சார்ஜ் தொடங்கி 15 ஆம்ப் ஓடும்போது, சார்ஜர் பெட்டியின் திரையில் 220 வோல்ட். அதே நேரத்தில் ஹாலில் உள்ள வேறொரு பாயிண்டில் அளந்தால் 229. இந்த மூன்று எண்களே போதும். 231 இலிருந்து 229 ஆகக் குறைந்த இரண்டு வோல்ட், தெருக் கம்பத்திலிருந்து வீடு வரை உள்ள லைனில் போனது. அது வீட்டுக்காரரின் கையில் இல்லை. மீதி 9 வோல்ட் ஸ்விட்ச் போர்டுக்கும் காருக்கும் இடையில் தொலைகிறது. ஒன்றரை ஸ்கொயர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 12 மில்லிஓம் மின்தடை. போகவும் வரவும் நாற்பது மீட்டர் என்றால் கிட்டத்தட்ட அரை ஓம். 15 ஆம்பில் அதற்கு 7 வோல்ட் போகும். இன்னும் 2 வோல்ட் கணக்கில் வரவில்லை.

அந்த இரண்டு வோல்ட்தான் வினை. கம்பியில் தொலைகிற 7 வோல்ட் நூறு வாட்டுக்கு மேல் வெப்பம் தருகிறது; ஆனால் அது இருபது மீட்டர் நீளத்தில் பரவிப் போகிறது, தொட்டால் லேசான வெதுவெதுப்புதான். கணக்கில் வராத 2 வோல்ட்டை 15 ஆம்பால் பெருக்கினால் 30 வாட். இது முழுவதும் பிளக்கின் ஊசியும் பாயிண்டின் உள்தகடும் தொடும் ஓரிரு மில்லிமீட்டர் இடத்தில் பிறக்கிறது. ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிடக் கூடுதலான ஒன்றைச் சுவருக்குள் வைத்து இரவு முழுக்க எரியவிட்டது போலத்தான் இது.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் தடயம் தெரியும். மூன்று ஊசிகளில் ஒன்று மட்டும், பித்தளையின் மஞ்சள் போய்ப் பழுப்பாகவோ நீலச் சாயலாகவோ மாறியிருக்கும். அந்தத் துளையைச் சுற்றிய பிளாஸ்டிக் மஞ்சளித்திருக்கும். சில வகைப் பிளாஸ்டிக் சூடாகும்போது கருவாட்டு வாடை வீசும். கார் ஷெட்டில் காரணமில்லாமல் மீன் நாற்றம் அடிக்கிறதென்றால் முதலில் பாயிண்டைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஊசிகளில் ஒன்று மட்டும் கறுத்திருப்பது முக்கியமான அடையாளம். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான். மின்னோட்டம் அதிகமானதுதான் காரணம் என்றால் இரண்டும் சமமாகச் சூடாகியிருக்கும். ஒன்று மட்டும் கறுத்தால் அந்த ஒரு முனையில் லூஸ் கான்டாக்ட்.

லூஸ் கான்டாக்ட் தானாகச் சரியாவதில்லை, தானாகவே வளர்கிறது. சூட்டில் உள்தகட்டின் வில் தளரும், தளர்ந்ததால் ஊசியைப் பிடிக்கும் அழுத்தம் குறையும், உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும், மின்தடை கூடும், சூடு மேலும் கூடும். போன மாதம் இரண்டு மணி நேரம் கழித்து நின்றது, இந்த மாதம் நாற்பது நிமிடத்தில் நிற்கிறது என்றால் இந்தச் சுழற்சி நடந்துகொண்டிருக்கிறது. சார்ஜ் நிற்பது இங்கே தொல்லையே அல்ல, தப்பித்தல். உணரி இல்லாத மலிவான பிளக்காக இருந்தால் சார்ஜ் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எம்.சி.பி.யும் உதவாது, ஏனென்றால் அது பார்ப்பது மின்னோட்டத்தை; மின்னோட்டமோ 15 ஆம்புக்கு மேல் போகவேயில்லை.

இது நம் ஊர் வயரிங்கின் குறை மட்டும் அல்ல. 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் டெஸ்லா மாடல் எஸ் கார் நின்றிருந்த ஒரு கராஜில் தீப்பிடித்தது. தவறு சுவர் இணைப்பில் என்பது நிறுவனத்தின் வாதம். ஆனாலும் 2014 ஜனவரியில் 2013ஆம் ஆண்டு மாடலில் 29,000க்கும் மேற்பட்ட கார்களின் சுவர்ப் பிளக் இணைப்பானை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. புதியதில் சூடானால் அறுந்துகொள்ளும் வெப்ப ஃபியூஸ் இருந்தது. காரின் மென்பொருளும் மாறியது: வரும் மின்சாரத்தில் எதிர்பாராத ஏற்ற இறக்கம் தெரிந்தால் கார் தானாகவே மின்னோட்டத்தைக் கால் பங்கு குறைத்துக்கொள்ளும். இன்று பல கார்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஆம்பைக் குறைப்பதற்குப் பின்னாலும் இதே யோசனைதான் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது கணக்கிலேயே தெளிவாகிறது. உடனடி மருந்து மின்னோட்டத்தைக் குறைப்பது. பெரும்பாலான கார்களிலோ சார்ஜர் பெட்டியிலோ 10 ஆம்ப் என்று தேர்ந்தெடுக்க வழி உண்டு. 15 இலிருந்து 10 ஆனால் தொடர்பு முனையின் சூடு பாதிக்கும் கீழே இறங்கும். 30 வாட் 13 வாட்டாகும். நேரம்தான் விலை: 30 கிலோவாட் மணி பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்குக் கொண்டுபோக ஆறு மணி நேரத்துக்குப் பதில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் பிடிக்கும். இரவு தூக்கத்துக்குள் அது அடங்கிவிடும். 10 ஆம்பில் சார்ஜ் நிற்காமல் முழுதாக ஏறினால், நோய் மின் வழியில்தான், காரில் இல்லை என்பதும் கூடவே உறுதிப்படும்.

நிரந்தர வைத்தியம் பாயிண்டைக் கழற்றி மாற்றுவது. வெறும் திருகை முறுக்கிவிட்டுப் போகும் எலெக்ட்ரீஷியனை நம்பக் கூடாது. சூடுபட்ட கம்பியின் முனை கறுத்து, மேலுறை கடினமாகியிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை அதை வெட்டிவிட்டுத்தான் புதிய பாயிண்டில் இணைக்க வேண்டும். காருக்கென்று தனியாக நாலு ஸ்கொயர் கம்பி, தனி எம்.சி.பி., 30 மில்லிஆம்ப் மின்கசிவுத் தடுப்பான், ஒழுங்கான எர்த் என்று இழுத்துவிட்டால், முன்சொன்ன 7 வோல்ட் இழப்பு மூன்றுக்கும் கீழே வந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அது ஒரு லூஸ் கான்டாக்டை மூன்றாக்கும் சாதனம்.

சுவர் சரியாக இருந்தும் நின்றால் பார்வை காரின் துளைக்குப் போக வேண்டும். அங்கேயும் ஊசியும் குழலும் தொடும் அதே கதைதான். 2022, 2023 வாக்கில் அமெரிக்காவில் ஹூண்டாய் ஐயோனிக் 5 வைத்திருந்த பலர் இதை அனுபவித்தார்கள். வீட்டில் 48 ஆம்ப் சார்ஜர் பொருத்தியவர்களுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றது. காரின் துளையில் உள்ள உணரி சூடு மிகுந்ததாகச் சொன்னதே காரணம். ஆம்பைக் குறைத்து வைத்தவர்களுக்கு நிற்கவில்லை. நிறுவனம் பின்னர் தந்த மென்பொருள் திருத்தம், சூடு ஏறும்போது சார்ஜை அடியோடு நிறுத்தாமல் மின்னோட்டத்தை இறக்கும்படி காரைப் பழக்கியது. பலருக்கு அது நிறைவளிக்கவில்லை. வாங்கியது 48 ஆம்ப் வேகத்துக்கு, கிடைப்பதோ குறைவு என்ற ஆதங்கம் நியாயமானதே. ஐரோப்பாவில் அதே 11 கிலோவாட் மூன்று ஃபேசில் பிரிந்து ஊசிக்கு 16 ஆம்பாக வருவதால், ஒரு ஊசியில் பிறக்கும் சூடு ஒன்பதில் ஒரு பங்குதான்.

பொது நிலையங்களின் வேகச் சார்ஜரில் ஓடுவது 150, 200 ஆம்ப். அங்கே அரை மில்லிஓம் கூடுதல் தடைகூட 20 வாட் சூடாகும். அதனால் அந்தக் கன்களின் நேர்மின் ஊசிகளிலேயே வெப்ப உணரிகள் பதித்திருக்கிறார்கள். தொடர்பு முனை 90 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. நாள் முழுக்கப் பலர் கீழே போட்டு, மண்ணும் மழையும் பட்ட கன் சீக்கிரம் தேய்கிறது. கனமான கேபிள் கீழ்நோக்கி இழுப்பதால் கன் சற்றே சரிந்து, ஊசி ஒரு பக்கமாக மட்டும் தொடுவதும் உண்டு. இதற்குச் சோதனை எளிது. அதே நிலையத்தில் இன்னொரு கன்னில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி முதல் கன். எந்த நிலையத்தில் எந்தக் கன்னில் செருகினாலும் நின்றால் காரின் துளையைப் பரிசோதிக்க வேண்டும். கேபிள் முழுதும் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கன்னின் தலை மட்டும் கை வைக்க முடியாமல் சுடுவது இயல்பல்ல.

அடுத்த சந்தேகம் ஆன்போர்டு சார்ஜர். வீட்டு மாறுமின்சாரத்தைப் பேட்டரி ஏற்கும் நேர்மின்சாரமாக மாற்றுவது சுவரில் தொங்கும் பெட்டி அல்ல, காருக்குள் இருக்கும் இந்தக் கருவி. சுவர்ப் பெட்டி வெறும் காவலாளிதான். ஆன்போர்டு சார்ஜர் வாங்கும் மின்சாரத்தில் ஆறேழு சதவீதத்தைச் சூடாக இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3.3 கிலோவாட்டில் அது 200 வாட்டுக்குச் சற்று மேல், 7.2 கிலோவாட்டில் 500 வாட் அளவுக்குப் போகும். இந்தச் சூட்டை வெளியேற்றக் குளிர்நீர், பம்ப், ரேடியேட்டர், விசிறி என்ற ஏற்பாடு பல கார்களில் உண்டு. குளிர்நீரின் மட்டம் குறைந்தாலும், குழாயில் காற்றுக் குமிழ் சிக்கினாலும், சின்னப் பம்ப் நின்றுபோனாலும் சார்ஜர் சூடேறி, முதலில் வேகத்தைப் பாதியாக்கி, பிறகு நிறுத்திவிடும்.

இதைத் தனியே பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. வேகச் சார்ஜர் நேர்மின்சாரத்தை ஆன்போர்டு சார்ஜரைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆகவே வீட்டிலும் அலுவலகத்திலும் நண்பர் வீட்டிலும் மாறுமின்சாரச் சார்ஜ் எல்லாம் நின்று, நெடுஞ்சாலை வேகச் சார்ஜர் மட்டும் சிக்கலில்லாமல் ஓடினால், சந்தேகம் ஆன்போர்டு சார்ஜர் மீதும் அதன் குளிர்விப்பு மீதும் விழும். காரின் துளையில் மாறுமின்சார ஊசிகளும் நேர்மின்சார ஊசிகளும் வெவ்வேறானவை என்பதால் அவற்றையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். சார்ஜ் ஏறும்போது முன்பு கேட்ட விசிறிச் சத்தம் இப்போது கேட்பதே இல்லை என்பதும் ஒரு துப்பு. இதில் ஏமாற்றும் ஒன்று உண்டு. மாலை ஏழு மணிக்கு ஊரே ஏ.சி. போடும் நேரத்தில் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால், ஆன்போர்டு சார்ஜர் குறைந்த அழுத்தம் என்று நின்றுகொள்ளும். நள்ளிரவுக்கு மேல் ஒழுங்காக ஏறுகிறது, மாலையில் மட்டும் நிற்கிறது என்றால் அது சூடு அல்ல, லைனின் குறை.

கடைசியில் பேட்டரி. சென்னையிலிருந்து திருச்சி நோக்கி மே மாத மதியத்தில் வேகமாக ஓட்டிய கார் வழியில் வேகச் சார்ஜரில் நிற்கிறது. தார்ச் சாலையின் சூடும் ஓடிய உழைப்பும் சேர்ந்து பேட்டரி ஏற்கெனவே 42 டிகிரியில் இருக்கலாம். பேட்டரிக்கும் உள்தடை உண்டு; அது ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு என்றால் 150 ஆம்பில் பிறக்கும் சூடு இரண்டே கால் கிலோவாட், அதாவது ஒரு கீசர் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே எரிகிறது. லித்தியம் செல்களுக்கு 45 டிகிரிக்கு மேல் வேகமாகச் சார்ஜ் ஏறுவது நல்லதல்ல என்பதால், அந்த வட்டாரத்தில் பேட்டரி மேலாண்மைக் கருவி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் நிறுத்திவிடும். எல்லை எங்கே என்பது செல்லின் வேதியியலையும் நிறுவனத்தின் எச்சரிக்கையுணர்வையும் பொறுத்தது. ஏ.சி.யின் குளிர்வாயுவைக் கொண்டு பேட்டரியின் நீரைக் குளிர்விக்கும் கார்கள் இதைச் சமாளிக்கும். நிறுத்திய காரில் கம்ப்ரெஸர் உறுமுவது அதனால்தான். அந்த ஏற்பாடே இல்லாத நிசான் லீஃப் காரில், 2018இல் ஒரே பயணத்தில் இரண்டாவது, மூன்றாவது வேகச் சார்ஜ் மிகவும் மெதுவாக ஏறுவதாக ஐரோப்பாவில் பெரும் புகார் எழுந்தது. கார் பழுதாகவில்லை, பேட்டரியின் சூடு வெளியேற வழி இல்லாததே காரணம்.

பேட்டரிச் சூட்டால் நிற்பதன் அடையாளம், அது பயணத்தோடும் வெயிலோடும் ஒட்டியே வரும், விடியற்காலையில் வராது. நிழலில் அரை மணி நேரம் நிறுத்தினாலும் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பேட்டரி அவ்வளவு சீக்கிரம் ஆறிவிடாது. காரைச் செருகியபடியே விட்டால், மின்சாரம் வருவதால் குளிர்விப்பு ஓடும் கார்களில் பலன் சீக்கிரம் தெரியும். நெடுந்தூரம் போகிறவர்கள் மணிக்கு 110 ஓட்டுவதை 90 ஆக்கினால், பேட்டரியும் குறைவாகச் சூடாகி அடுத்த நிறுத்தத்தில் வேகமாக ஏற்றுக்கொள்ளும்.

இரவு முழுக்க நின்ற கார், காலை ஐந்து மணிக் குளிரிலும் பேட்டரி வெப்பம் என்று சொல்லி மறுத்தால், சூடு ஏறியதால் அல்ல, அளக்கும் உணரி கெட்டதால். இந்த உணரிகள் சூடு ஏற ஏறத் தடை குறையும் வகையைச் சேர்ந்தவை. அதன் கம்பி அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். கருவி அதைக் கடும் குளிர் என்று படித்து, பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நேர்மாறாக நம்ப முடியாத சூட்டைக் காட்டும். சர்வீஸ் சென்டரில் காரின் கண்டறி துளையில் கருவியைச் செருகிப் பேட்டரியின் எல்லா உணரிகளையும் வரிசையாகப் பார்த்தால், மற்றவை 27, 28, 27 என்றிருக்க ஒன்று மட்டும் மைனஸ் 40இல் நிற்கும். மற்ற எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்வரை, முழு பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சை அங்கேயே மறுத்து, அந்த ஒரு உணரியின் கம்பியையும் கனெக்டரையும் முதலில் பார்க்கச் சொல்லலாம். பல நூறு வோல்ட் ஓடும் பெட்டி என்பதால் அதைத் திறக்கும் வேலை மட்டும் பயிற்சி பெற்றவருடையது.